சிக்கன்காரி நிழல் வேலை: வாங்குவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: லக்னோ போனபோது சௌக் கடைவீதியில் மல்மல் என்ற மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில், சிக்கன்காரி என்ற அவ்வூர்ப் பூத்தையலில் நிழல் வேலை செய்த குர்த்தா ஒன்று வாங்கினேன். பூக்களின் ஓரங்களில் நீலக் கோடுகள் தெரிகின்றன. கறையா? இஸ்திரி போட்டு அணியலாமா? (கோவை வாசகி)

இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். அது கறை அல்ல, அச்சு. மரக்கட்டையில் செதுக்கிய வடிவத்தை, நீலமும் கோந்தும் கரைத்த நீரில் தோய்த்துத் துணியில் பதிப்பார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் தைப்பார்கள். வேலை முடிந்ததும் சலவையில் அச்சு முழுவதும் போய்விட வேண்டும். உங்கள் குர்த்தா அந்தச் சலவையை ஒழுங்காகக் காணாமல் கடைக்கு வந்திருக்கிறது.

அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றித் துணியை முழுவதும் அமிழ்த்தி வையுங்கள். கோந்து ஊறி இளகினால்தான் நீலம் கழன்று வரும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். நீர் நீலமானதும் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றுங்கள். நீர் தெளியும்வரை இதைச் செய்த பிறகே மென்மையான சோப்பு அல்லது பூந்திக்கொட்டை நீர். கசக்கவும் பிழியவும் கூடாது. உள்ளங்கைகளால் அழுத்தி நீரை வெளியேற்றி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். பிறகு ஒரு தடித்த துண்டின் மேல் துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் மெல்லிய துணி ஒன்றை விரித்து, அதன் மேல் இஸ்திரி போடுங்கள். பின்பக்க நூல்கள் பெட்டியின் முனையில் மாட்டாமலிருக்க அந்த மேல்துணி அவசியம்.

இதை நான் கற்றது ஒரு குர்த்தாவை இழந்துதான். அதே ஊரில் வாங்கிய வெள்ளைக் குர்த்தாவை, மறுநாள் ஒரு திருமணத்துக்கு உடுத்துவதற்காக, நனைக்காமலே சூடாக இஸ்திரி போட்டேன். நீலம் துணியோடு இறுகிவிட்டது. எத்தனை முறை ஊறவைத்தும் முழுதாகப் போகவில்லை. "கழுவினால் போய்விடும்" என்ற கடைக்காரர், கழுவும் முன் சூடு கூடாது என்று சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

கேள்வி: கையால் செய்த நிழல் வேலையா, இயந்திர வேலையா என்று கண்டுபிடிப்பது எப்படி? முன்பக்கம் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. (மதுரை)

முன்பக்கத்தைப் பார்த்தே வாங்கிப் பழகியதால்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு வேலை எளிதாக இருக்கிறது. துணியைத் திருப்புங்கள்.

லக்னோவில் இந்தத் தையலுக்குப் பெயர் உல்டா பக்கியா. 'உல்டா' என்றால் தலைகீழ். பெயரே வழியைச் சொல்கிறது. துணியின் பின்பக்கத்தில் ஊசி ஓடும். இதழின் ஒரு விளிம்பில் சிறிய தையல், உடனே எதிர் விளிம்பில் ஒரு தையல் என்று நூல் மாறி மாறிக் குறுக்கே போகும். நம் ஊர் மீன்முள் தையலை மிக நெருக்கமாகப் போட்டதுபோல் இருக்கும். முன்பக்கத்தில் இதழின் இரு ஓரங்களிலும் நுண்ணிய தையல் வரிசை மட்டும் தெரியும். நடுவே தெரியும் வெண்மை, மெல்லிய துணி வழியே கசியும் பின்பக்க நூலின் நிழல். அதனால்தான் இதற்கு மல்மல் போன்ற மெல்லிய துணி வேண்டும். கனத்த துணியில் நிழல் விழாது.

கடையில் இதைச் செய்யுங்கள். கண்களை மூடிக்கொண்டு இதழின் நடுவே விரலால் தடவுங்கள். உல்டா பக்கியா என்றால் வெறும் துணிதான் விரலில் படும். நூல் முன்பக்கம் மேடாகப் படுத்திருந்தால் அது நிழல் வேலை அல்ல. பின்பு திருப்புங்கள். குறுக்கே ஓடும் நூல்கள், ஓர் இதழிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இழை, நூல் முடிந்த இடம், சிறு ஏற்றத்தாழ்வு எல்லாம் தெரிந்தால் கை வேலை. ஒவ்வொரு பூவும் அச்சு அசல் ஒன்றாக இருந்து, பின்பக்கம் அடிநூல் ஒரே சீராக ஓடினால் இயந்திரம்.

கை வேலையிலும் தரம் உண்டு. இதழ் அகலமாகவும் தையல் நீளமாகவும் இருந்தால் பின்பக்க நூல்கள் தொங்கும். மோதிரத்தில், நகத்தில் மாட்டி இழுபடும். அப்படித் தைத்த பெண்களைக் குறைசொல்லாதீர்கள். லக்னோவைச் சுற்றியுள்ள மலிஹாபாத், காகோரி போன்ற ஊர்களில் வீட்டிலிருந்தபடியே தைப்பவர்களுக்கு இடைத்தரகர் வழியாக உருப்படிக் கணக்கில்தான் கூலி. கூலி குறையக் குறையத் தையல் நீளமாகிறது. பாதி விலைக்குக் கேட்டு வாங்கிவிட்டு "நூல் தொங்குகிறதே" என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. இணையக் கடைகள் மீது அதைவிடக் கோபம்: பத்துப் படம் போடுவார்கள், ஒன்றுகூடப் பின்பக்கம் இருக்காது. அந்தப் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: முழுப் புடவையிலும் கை நிழல் வேலை, 900 ரூபாய் என்று விளம்பரம். வாங்கலாமா?

வேண்டாம். அந்த விலையில் துணியும் கூலியும் அடங்கவே அடங்காது.

கேள்வி: "தூய மஸ்லின், கை நிழல் வேலை" என்று இணையத்தில் 6,800 ரூபாய்க்கு வாங்கிய சல்வார் துணி நைலான்போல் வழுக்குகிறது. தள்ளுபடி விற்பனையில் வாங்கியதைத் திரும்பப் பெற மாட்டார்களாம். (திருச்சி)

உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. இன்று 'மஸ்லின்' என்ற பெயரில் பருத்தியே இல்லாத துணிகள் ஏராளமாக விற்கின்றன. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். விஸ்கோஸும் காகிதம்போலவே எரியும் என்பதால், சாம்பலானால் மட்டும் பருத்தி என்று முடிவுசெய்துவிடாதீர்கள்.

மணி திரண்டால் உங்கள் பக்கம் வலுவாகிவிட்டது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தள்ளுபடி விற்பனை என்பது அதிலிருந்து தப்பும் வழி அல்ல. 'தூய மஸ்லின்' என்ற சொற்கள் இருக்கும் பக்கத்தை, அவர்கள் அழிப்பதற்குள் படம் எடுத்து வையுங்கள். எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நிழல் வேலைக் குர்த்தாவை ஜீன்ஸ் துணிகளோடு சலவை இயந்திரத்தில் போட்டேன். நூல்கள் பிய்ந்துவிட்டன. கடையில் இழப்பீடு கேட்கலாமா?

கேட்க முடியாது. கையால் துவைக்கவும் என்ற சீட்டு உள்ளே இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜீன்ஸின் ஜிப்பும் பொத்தானும் பின்பக்க நூல்களை இழுத்திருக்கின்றன. பிய்ந்த முனைகளை வெட்டாமல், ஊசியால் பின்பக்கம் இழுத்துத் தைத்து நிறுத்துங்கள். வெட்டினால் இதழ் முழுவதும் அவிழும்.

கேள்வி: நானே தைத்துப் பார்க்க மல்மல் வாங்கியிருக்கிறேன். கார்பன் தாளால் வடிவம் வரையலாமா? எந்தப் பக்கத்தில்? (நாகர்கோவில்)

கார்பன் தாளின் மெழுகு மை எளிதில் போகாது; மெல்லிய துணி என்பதால் இதழுக்குள் சாம்பல் கோடாகவே தெரிந்துகொண்டிருக்கும். பென்சிலும் அப்படித்தான். அச்சுக்கட்டை கிடைத்தால் நீலமும் கோந்தும் கலந்து பதியுங்கள். கலவை நீர்த்திருந்தால் மல்மலில் கோடு பரவும். கெட்டியாக இருந்தால் கட்டையின் நுண்ணிய கோடுகள் அடைபடும். முதலில் துணியின் மூலையில் பதித்து, உலரவிட்டு, நீரில் ஊறவைத்து, அச்சு முழுதாகப் போகிறதா என்று பாருங்கள். வண்ண நூலானால், ஈரமான வெள்ளைத் துணியில் அதை அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அச்சு முன்பக்கத்தில் விழட்டும். துணி மெல்லியது என்பதால் கோடு பின்பக்கம் தெரியும். அதைப் பார்த்துத் தைக்கலாம். பின்பக்கத்தில் பதித்தால் மாங்காய் வடிவத்தின் வளைவு முன்பக்கம் எதிர்த்திசையில் திரும்பி நிற்கும். வெட்டித் தைப்பதற்கு முன் துணியை ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். நனைக்காத பருத்தி 5 சதவீதம் சுருங்கினாலே, 42 அங்குலக் குர்த்தாவில் இரண்டு அங்குலம் போய்விடும்.