உறுதி தொலைந்தால் காணி தொலையாது: பக்கத்து வீட்டு உறுதியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். திருகோணமலையில் அவர் பெயரில் இருக்கும் காணியின் உறுதி இடப்பெயர்வில் தொலைந்துபோச்சு. போட்டோ கொப்பிகூட இல்லை. காணி எங்கட என்று எப்படி நிரூபிக்கிறது?

உங்கள் வீட்டில் இருந்தது ஒரு பிரதி மட்டும்தான். நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது மூலத்தை வாங்கியவரிடம் கொடுப்பார், ஒரு படியைத் தன் கோவையில் வைப்பார், இணைப்படியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்புவார். அந்த இணைப்படியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

சிக்கல் அதைத் தேடிப் பிடிப்பதில்தான். எங்கள் காணி சாம்பல்தீவில், 20 பேர்ச். 90இல் ஓடும்போது உறுதி இருந்த தகரப்பெட்டியை விட்டுவிட்டு வந்தோம். அப்பா இறந்த பிறகு நானும் தங்கச்சியும் பதிவகத்துக்குப் போனபோது கேட்ட முதல் கேள்வி: "பதிவேட்டில் காணியின் தொகுதி, பக்கம் தெரியுமா? உறுதி இலக்கம், நொத்தாரிசு பெயர்?" ஒன்றும் தெரியாது. வெறும் ஆளின் பெயரை வைத்துத் தேடினால் நாள்கணக்காகும், கிடைக்காமலும் போகும்.

வழி காட்டியது பக்கத்து வளவு மாமியின் உறுதி. அதில் மேற்கெல்லை என்று எங்கள் அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. பதிவு முத்திரைக்குள் தொகுதியும் பக்கமும் இருந்தன. இரண்டு வளவும் ஒரு பெரிய காணியை ஒருவரே துண்டுபோட்டு விற்றவை. மாமியின் பக்கத்தைத் திறந்து தாய்க்காணியின் பக்கத்துக்குப் போனோம். துண்டு பிரித்து விற்கும்போது புதுப்பக்கம் திறந்து, எந்தப் பக்கத்துக்குப் போனது என்று பழையதில் குறித்துவிடுவார்கள். அந்தக் குறிப்பைப் பிடித்துப் போனால் அப்பாவின் பக்கம். மேலே எல்லைகளும் விஸ்தீரணமும், கீழே வரிசையாக எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர், நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி. அப்பாவின் பெயர் உள்ள உறுதியின் பிரதி கையில் வந்தபோது தங்கச்சி அழுதுவிட்டாள்.

அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். அப்பாவுக்குப் பிறகு வேறு யாருக்கும் கைமாறியிருக்கிறதா, ஈடு இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். உறுதியின் பிரதியோடு பதிவுப் பக்கத்தின் பிரதியையும் சேர்த்து எடுங்கள். மூலம் தொலைந்ததைப் பொலிசில் முறைப்பாடு செய்து அந்தத் துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் ஒருவர், "ஏன் அலையிறீங்கள், பத்து வருசம் ஆண்டு அனுபவிச்சதாகப் பிரகடன உறுதி ஒன்று முடிச்சால் போதும்" என்றார். அதைச் செய்யவேண்டாம். பிரகடன உறுதி என்பது நீங்களே உங்களைப் பற்றிச் சொல்லும் கூற்று. புதுப்பக்கத்தில் பதிந்துவிட்டால் அப்பாவின் உறுதியோடு தொடர்பு அறுந்துவிடும். வங்கி அதைக் கண்டதும் "முன்னுறுதி எங்கே" என்றுதான் கேட்கும். சோலைவரி ரிசீட்டும் ஜி.எஸ்ஸின் கடிதமும் இப்படித்தான். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குத் துணைச் சாட்சியே தவிர, அவை உரித்தாகாது. ஆனால் பதிவகத்தில் உண்மையாகவே ஒன்றும் கிடைக்காவிட்டால், இவைதான் வழக்கில் கைகொடுக்கும். எறிந்துவிடாதீர்கள்.

அப்பாவின் உரித்து நிரூபணமான பிறகு உங்கள் உரித்து. மரணச் சான்றிதழ், அம்மாவின் விவாகச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால் பொதுச்சட்டப்படி அம்மாவுக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. நாங்கள் மூன்று பேர், ஆளுக்கு ஆறில் ஒன்று. முஸ்லிம்களுக்கும் தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கும் கணக்கு வேறு. சொத்துப் பெறுமதி சட்டம் வைத்த எல்லையைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் இறந்தவரின் சொத்துக்கான ரெஸ்ரமென்டரி வழக்குப் போட்டு, அதன் முடிவில் உறுதி எழுத வேண்டும். எப்படி எழுதினாலும் அப்பாவின் அதே பக்கத்தில் பதிய வேண்டும் என்று நொத்தாரிசிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இவ்வளவும் உறுதிக்காணிக்குத்தான். கந்தளாய், சேருவில பக்கம்போல குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த பெர்மிட் காணி, அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். அங்கே அப்பா பின்னுரித்தாளராக யாரை நியமித்தார் என்று லெட்ஜரில் பார்ப்பார்கள். மேலே சொன்ன பாதிக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

வெளிநாட்டில் சகோதரங்கள் இருந்து வேலை இழுபடும் என்றால், முதலில் பதிவகத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒரு கேவியட் பதிந்துவிடுங்கள். யாராவது அந்தக் காணிக்கு உறுதி கொண்டுவந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். நாங்கள் பிரதி எடுத்த கையோடு அதைச் செய்தோம், தம்பி கனடாவிலிருந்து அற்றோர்னித் தத்துவம் அனுப்பும் வரைக்கும் அதுதான் காவல்.