19 வயதில் கருத்தடை: அம்மா கேட்டால் டாக்டர் சொல்லிவிடுவாரா?

கேள்வி: எனக்கு 19 வயது. ஊர் பாலக்கோடு பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். போன மாதம் ஆணுறை கிழிந்துவிட்டது. அவசர மாத்திரைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. நல்லவேளை, மாதவிலக்கு வந்துவிட்டது. இனி முறையாகக் கருத்தடை செய்துகொள்ள வேண்டும். கல்யாணம் ஆகவில்லை என்று அரசு ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிடுவார்களா? அம்மா வந்து கேட்டால் டாக்டர் சொல்லிவிடுவாரா? என் தோழிக்கு 17 வயது, அவளையும் கூட்டிப் போகலாமா?

பதில்: உங்களுக்கு 18 நிரம்பிவிட்டது. அதனால் உங்கள் உடம்புக்கான சிகிச்சைக்கு உங்கள் சம்மதம் ஒன்றே போதும். மாத்திரைக்கோ ஊசிக்கோ அப்பா, அம்மா, கணவர் யாருடைய கையெழுத்தும் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. "கல்யாணம் ஆச்சா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதற்காக யாராவது முகம் சுளித்தால், அந்த இடத்திலிருந்தே திரும்பி வந்துவிடாமல், "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் தடை சீட்டு எழுதும் இடத்தில்தான் இருக்கும், டாக்டரின் அறையில் இருக்காது.

எங்கே போவது என்பது முக்கியம். கிராமத்துச் செவிலியரிடம் கருத்தடைச் சாதனங்கள் இருக்கும். ஆனால் அவருடைய பதிவேடு கல்யாணமான தம்பதிகளுக்கானது. தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவருக்கும் உங்கள் அம்மாவைத் தெரியும். நல்லவராகவே இருந்தாலும் அவர் உங்கள் வீட்டுப் பக்கம் வந்து நின்றாலே பேச்சு கிளம்பிவிடும். நீங்கள் ஓசூரில் இருப்பதால் அங்குள்ள அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போங்கள், குடும்பநலப் பிரிவு எங்கே என்று அங்கேயே கேட்கலாம். கம்பெனியின் மருந்தக நர்ஸ் யாரிடம் தகவல் கொடுப்பார் என்று தெரியாவிட்டால், இந்த விஷயத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

வீட்டுக்கு விஷயம் தெரிவது டாக்டர் வாயால் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை போன் வழியாகத்தான் அதிகம் தெரிகிறது. ஓபி சீட்டுப் போடும்போது செல்போன் எண் கேட்பார்கள். பல பெண்கள் பழக்கத்தில் அப்பா எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் எண்ணையே கொடுங்கள். ஆதாரை வைத்து ஆபா சுகாதார எண் போட்டுத் தருகிறோம் என்று சொன்னால், அதற்கான ஓடிபி ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் போகும். அது அப்பா போனாக இருந்தால், நீங்கள் வரிசையில் நிற்கும்போதே அவர் ஊரில் அந்தக் குறுஞ்செய்தியைப் படித்துக்கொண்டிருப்பார். ஆபா கட்டாயமில்லை. "இப்போது வேண்டாம்" என்று சொன்னாலும் சீட்டு கொடுப்பார்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கும்? பயந்த அளவுக்கு ஒன்றும் இருக்காது. கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி கேட்போம், ரத்த அழுத்தம் பார்ப்போம். பார்வை மங்கி மின்னல் போலத் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் நோய் உண்டா என்று கேட்போம். காசநோய், வலிப்பு மாத்திரைகள் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்போம், அவற்றில் சில கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மாத்திரை தொடங்க உள் பரிசோதனை தேவையில்லை.

உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்று யோசிக்கும்போது, நம் பக்கத்து வீடுகளை நினைத்துத்தான் நான் முடிவு சொல்வேன். தலைக்குக் குளிக்கும் நாளை அம்மா மனதில் கணக்கு வைத்திருப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி மிக நல்ல கருத்தடைதான். மாத்திரை மறந்துபோகும் பிரச்சினையும் இல்லை. ஆனால் அதில் மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும். சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அதிலும் மாதவிலக்கு தள்ளிப்போகும். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில், "ஏன் இன்னும் ஆகலை?" என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும். மாலா-என் மாத்திரையில் அந்தச் சிக்கல் குறைவு. 28 மாத்திரை கொண்ட அட்டை, 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. மாதவிலக்கு ஏறக்குறைய நாள் தவறாமல் வரும், வலியும் குறையும். மாதவிலக்கு தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. வேறு நாளில் ஆரம்பித்தால் முதல் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுவிட்டால் மறுபடி ஏழு நாள் ஆணுறை. பால்வினை நோயை மாத்திரை தடுக்காது, ஆகவே ஆணுறையை அப்படியே தொடருங்கள்.

அவசர மாத்திரையைத் தமிழ்நாட்டில் பல கடைகள் வைப்பதே இல்லை, ஆனால் அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்று சட்டம் இல்லை. லீவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். இந்த முறை போகும்போது டாக்டரிடமே கேட்டு ஒன்று கைவசம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காமல் போனால், ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டாலும் கர்ப்பத்தைத் தடுக்கலாம். இதைப் பலர் அறியாமலே இருந்துவிடுகிறார்கள்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். போனில் யாராவது, "என் பொண்ணு உங்ககிட்ட வந்தாளா மேடம்?" என்று கேட்டால், எங்கள் பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: "யார் வந்தார்கள், வரவில்லை என்று போனில் சொல்வதில்லைம்மா." காய்ச்சலுக்கு வந்த பெண்ணைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில். சிலருக்கு மட்டும் மறுத்தால், அந்த மறுப்பே தகவலாகிவிடும். அதனால் நர்ஸ், கவுன்சலர், சீட்டு எழுதுபவர் வரை ஒரே வாக்கியத்தைச் சொல்லப் பழக்க வேண்டும்.

நேரில் வந்தால் கொஞ்சம் கஷ்டம். ஊருக்கு வந்த பெண்ணின் பையில் அட்டையைப் பார்த்துவிட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு அம்மா வருகிறார் என்று வையுங்கள். அட்டையை மேஜையில் வைத்து, "இது என்ன மாத்திரை?" என்று கேட்கிறார். இங்கே பொய் சொல்லக் கூடாது. "வயிற்று வலிக்குக் கொடுத்தது" என்று நான் சொல்லிவிட்டால், அடுத்த கடையில் விசாரித்ததும் என் மேலும் நம்பிக்கை போகும், பெண்ணுக்கும் அடி கூடும். நான் சொல்வது இவ்வளவுதான்: "இது கருத்தடை மாத்திரைம்மா. மாதவிலக்கு வலிக்கும், நாள் தவறி வருவதற்கும் இதைக் கொடுப்பதுண்டு. உங்க பொண்ணு எதுக்குச் சாப்பிடுறான்னு அவதான் சொல்லணும், நான் சொல்ல முடியாது." பிறகு, "பெண்ணிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுகிறேன், இங்கே எல்லோருக்கும் இதுதான் வழக்கம்" என்று அம்மாவை வெளியே உட்கார வைப்பேன். தனியாக இருக்கும்போது பெண்ணிடம் கேட்பது, அம்மாவிடம் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைத்தான். அவள் ஒப்புக்கொண்டதை மட்டும், அவள் முன்னிலையிலேயே சொல்வேன். அவசர அவசரமாகக் கல்யாணம் பேசிவிடுவார்களோ, அடிப்பார்களோ என்ற பயம் இருக்கிறதா என்றும் கேட்பேன். இருந்தால் பெண்கள் உதவி எண் 181ஐ எழுதிக் கொடுப்பேன்.

இன்னொன்றும் கேட்பார்கள், தலையைக் குனிந்துகொண்டு: "கெட்டுப் போயிட்டாளான்னு பார்த்துச் சொல்லுங்க." பார்த்துச் சொல்ல முடியாது. கன்னித்தன்மைக்கு என்று மருத்துவத்தில் ஒரு பரிசோதனையே கிடையாது. சவ்வு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இந்தச் சோதனையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் சொல்லிவிட்டது. நீங்கள் சம்மதிக்காமல் எந்த டாக்டரும் உங்களைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, அம்மா கேட்டாலும் கூட. அந்த அம்மாவின் பயம் உண்மையானது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கோபப்படாமல், "பொண்ணு பாதுகாப்பா இருக்காளான்னுதானே உங்களுக்குக் கவலை? அதை அவகிட்ட கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்வேன்.

டாக்டர் ரகசியத்தை மீறக்கூடிய இடங்கள் சட்டத்திலேயே இருக்கின்றன: நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ பெரிய ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். பெற்றவர்களின் சந்தேகம் அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் தோழிக்கு நிலைமை வேறு, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 நிரம்பாதவர் குழந்தை. விருப்பத்தோடு நடந்தாலும் உடலுறவு குற்றமாகத்தான் பார்க்கப்படும். அது தெரியவந்த எவரும், டாக்டரும்தான், போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. ஆகவே 18க்குக் கீழே இருக்கும் பெண் உள்ளே வந்ததும், அவள் எதையும் சொல்வதற்கு முன்பே இந்த வரம்பை நான் சொல்லிவிடுவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிறகு சொல்வது அவளை ஏமாற்றுவது போலாகும்.

அதற்காக அவள் ஆஸ்பத்திரிக்கே வரக்கூடாது என்று அர்த்தமில்லை. மாதவிலக்கு, உடம்பு, கருத்தடை பற்றி விளக்கம் கேட்பது எந்த வயதிலும் குற்றமில்லை. 10 முதல் 19 வயதினருக்காக வளரிளம் பருவ ஆலோசனை மையங்களை மத்திய அரசு 2014இல் தொடங்கிய தேசிய இளம்பருவத்தினர் நலத் திட்டம் இதற்காகத்தான் நடத்துகிறது. அவளை யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் எந்தக் காகிதமும் கேட்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. அவசரக் கருத்தடை பற்றி அவளிடமும், பெற்றோர் அல்லது அவள் நம்பும் ஒருவரிடமும் பேச வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கர்ப்பம் ஆகியிருந்தால் கலைக்கப் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அப்போதும், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. போலீஸ் பயத்தில் கடையில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டு, விடாத ரத்தப்போக்கோடு வரும் சிறுமிகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது. தோழிக்கு நாள் தள்ளிப் போயிருந்தால் கடைக்கு அனுப்பாமல் மகப்பேறு டாக்டரிடமே கூட்டி வாருங்கள். வீட்டில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்தால் 1098க்கு அவளே பேசட்டும், கூட நீங்கள் உட்கார்ந்திருங்கள்.