ஏணியிலேயே நிற்க வேண்டியதில்லை: எலக்ட்ரீஷியன் மகனின் அப்பாவுக்குச் சொன்ன கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மகன் பிளஸ் டூவில் கணக்குப் பாடத்தைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவன். துபாயில் இருக்கும் சித்தப்பா இன்ஜினியரிங்கில் சேர்க்கச் சொல்கிறார். நான்கு வருடத்துக்கு ஆறு லட்சம் ஆகும், தென்னந்தோப்புப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்று பேச்சு. பையனோ லீவு நாளெல்லாம் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவரோடு போய்ச் சுவர் வெட்டிக்கொண்டிருக்கிறான். "அவன் ஆசைப்படுறதுல தப்பில்ல சார். ஆனா கடைசி வரைக்கும் தனியாளா ஏணியிலதானே நிக்கணும்?" என்று கேட்டார் அப்பா.

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் இன்ஜினியரிங் சீட்டு இல்லை. கணக்கைக் கண்டாலே ஒதுங்கும் பையனை, தோப்பை அடகு வைத்து நான்கு வருடம் கணக்குப் படிக்க அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சித்தப்பாவுக்கு மரியாதை கொடுங்கள். வட்டி கட்டப் போவது அவர் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம். படித்து முடித்து, மின் உரிம வாரியத்தின் கம்பியாளர் தகுதிச் சான்றையும் வாங்கட்டும். அதற்கப்புறம் வருவதுதான் உங்கள் கேள்வி: தனியாள் எப்படி மூன்று பேர் ஆவது?

தனியாளுக்கு முதல் நெருக்கடி கான்கிரீட் நாளில் வரும். மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், அந்த இடைவெளியில்தான் பைப்பும் ஃபேன் பாக்ஸும் போட வேண்டும். கொத்தனார் முந்தின நாள் சாயங்காலம் கூப்பிடுவார். "நாளைக்கு வேற சைட்ல இருக்கேன்" என்று சொன்னால் அந்த வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். பைப் போடுகிறவர்தான் பெரும்பாலும் வயரும் இழுப்பார் என்பதால், ஒரு நாள் போகாததற்கு முழு வீடும் கைவிட்டுப் போகிறது. வயர் இழுப்பதும் அப்படித்தான். ஒருவர் தள்ள, மறுமுனையில் ஒருவர் இழுக்க வேண்டும். தனியாள் இரண்டு முனைக்கும் ஓடியே பாதி நாளைக் கழிப்பார். கையில் இரண்டு வீடு சேர்ந்து வரும்போது ஒரு ஹெல்ப்பரைச் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்களுக்குத் தாளில் எழுதிக் காட்டிய கணக்கு இது. 1200 சதுர அடி வீடு, சதுர அடிக்குக் கூலி 50 ரூபாய் என்று வைப்போம். மொத்தம் 60,000. பொருள் வீட்டுக்காரர் வாங்கித் தருவது. தளத்தில் பைப் போட 4 ஆள்நாள், சுவர் வெட்டிப் பைப்பும் பாக்ஸும் வைக்க 16, வயர் இழுக்க 10, ஃபிட்டிங்குக்கு 12. ஆக 42 ஆள்நாள். தனியாகச் செய்தால் நாளுக்கு 1,400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மோசமில்லை. இதையே பிரித்துப் பாருங்கள். ஹெல்ப்பருக்கு 18 நாள், 700 வீதம் 12,600. வேலை தெரிந்த இன்னொரு வயர்மேனுக்கு 14 நாள், 1,100 வீதம் 15,400. கூலி போக 32,000 மிஞ்சுகிறது. உங்கள் மகன் கையால் செய்தது 10 நாள் வேலை மட்டும். மீதி நாளில் அடுத்த வீட்டை அளப்பான், அளவு எடுத்துப் பொருள் பட்டியல் எழுதுவான்.

உடனே ஐந்து பேரைச் சேர்த்து வண்டியும் வாங்கிக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டார். கூடாது. மழை பிடித்தால் கட்டட வேலை நின்றுவிடும். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபர் தாண்டியும் மழை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஹெல்ப்பர் சம்பளத்துக்கு நிற்பான். அதனால் நிரந்தரமாக ஒரே ஆள் போதும். வயர்மேனை வேலை உள்ள நாளுக்கு அழைத்தால் போதும்.

அப்புறம், கடைசித் தவணை. வேலை நான்கு கட்டமாக நடப்பதால் பணத்தையும் நான்காக வாங்கலாம்: தள பைப்புக்கு 20 சதவீதம், சுவர் வேலைக்கு 30, வயருக்கு 30, ஃபிட்டிங்குக்கு 20. இந்தக் கடைசி இருபதுதான் பால்காய்ப்பு வரை இழுக்கும். அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் கையில் பணம் இருக்காது, பந்தலுக்கும் பிரியாணிக்கும் போயிருக்கும். மூன்று வீட்டில் 12,000 வீதம் மாட்டினால் 36,000 வெளியே நிற்கும். ஹெல்ப்பரின் ஒரு மாதச் சம்பளம் 26 நாளுக்கு 18,200. இரண்டையும் கூட்டினால் வருவது ஏறக்குறைய 54,000. அந்தத் தொகை வங்கியில் சேராமல் முதல் ஆளைச் சேர்க்கக் கூடாது. வயரிங் முடிந்த அன்றே மூன்றாம் தவணையை வாங்கிவிட்டுத்தான் ஃபிட்டிங்கைத் தொட வேண்டும்.

கடைக்காரர் கமிஷன் என்று ஒன்று வரும். அதை வாங்கிப் பழகினால் வீட்டுக்காரரின் நம்பிக்கை போய்விடும். பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லது.

ஆள் சேர்ந்ததும் புதிதாக ஒரு கோளாறும் வரும். ஒருவன் படுக்கையறையிலும் இன்னொருவன் சமையலறையிலும் வேலை பார்ப்பார்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் லைனின் நியூட்ரலும் ஒரு பாக்ஸில் சேர்ந்துவிடும். ஆர்.சி.சி.பி. என்பது ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று பார்க்கும் கருவி. திரும்புவது வேறு வழியில் போனால் உடனே ட்ரிப் ஆகும். வயரில் எந்தக் கசிவும் இல்லாமலே, ஒரு குறிப்பிட்ட அறையின் லைட்டையோ மிக்ஸியையோ போட்டால் மட்டும் வீடே அணைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பூச்சு முடிந்த வீட்டில் தேடினால் ஒரு நாள் போய்விடும். அதைத் தடுக்க, இழுக்கும்போதே ஒவ்வொரு நியூட்ரல் முனையிலும் சர்க்யூட் எண்ணை எழுதி டேப் ஒட்டும் வழக்கத்தைக் குழுவுக்குப் பழக்க வேண்டும். ஃபிட்டிங்குக்கு முன், வயர் உறையின் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் ஒவ்வொரு சர்க்யூட்டையும் உங்கள் மகனே சோதிக்கட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை அப்படியே விட்டுவிடக் கூடாது. இந்தச் சோதனையை ஹெல்ப்பரிடம் ஒப்படைக்கவே கூடாது.

யாரும் பேசாத ஒரு வேலை நம் மாவட்டத்தில் ஏராளமாக இருக்கிறது: பூட்டிக் கிடக்கும் வளைகுடாக்காரர் வீடுகள். கடலோரத்து உப்புக் காற்றில் சுவிட்ச் பாக்ஸின் திருகு துருப்பிடித்து, டெர்மினல் பச்சை பூத்து, வருடத்துக்கு ஒரு முறை வரும் குடும்பம் முதல் நாளே மோட்டார் ஓடாமல் தவிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து, மோட்டாரை ஓடவிட்டு, டெர்மினலை இறுக்கி, எர்த்தைச் சோதித்து, படம் எடுத்து அனுப்ப வருட ஒப்பந்தம் பேசலாம். ஒரு வீட்டுக்கு வருடம் 4,000 என்றால் பதினைந்து வீட்டில் 60,000. அதாவது ஹெல்ப்பரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேலே, அதுவும் கட்டட வேலை இல்லாத மாதத்தில். படம் எடுக்கும் பழக்கத்தைக் கட்டும் வீட்டிலும் வைக்கச் சொன்னேன். பூசுவதற்கு முன் அளவு டேப்பை வைத்துச் சுவரில் பைப் போகும் இடத்தைப் படமெடுத்தால், வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்குத் தவணை கேட்கும்போது அதுவே சாட்சி. பின்னால் ஆணி அடிக்கிறவர்களுக்கும் உதவும்.

ஒப்பந்ததாரர் உரிமம் தனி விஷயம். புது இணைப்புக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கையெழுத்து வேண்டும். உரிமம் பெற ஆட்களும் சோதனைக் கருவிகளும் கையில் இருக்க வேண்டும். அதுவரை ஒரு ஒப்பந்ததாரரின் கீழ் முறையாக வேலை பார்க்கட்டும். பணத்துக்குக் கையெழுத்து மட்டும் வாங்கிச் செய்யும் வேலையில் விபத்து வந்தால் மாட்டிக்கொள்வது உங்கள் மகன்தான்.

மகனிடமும் ஒன்று கேட்டேன். கருவியைப் பிடிக்கத்தான் பிடிக்கும், வீட்டுக்காரரிடம் பணம் கேட்கக் கூச்சம் என்றான். கேட்டுப் பழகும் வரை குழு வேண்டாம், தனியாளாகவே வேலை பார் என்றேன். தோப்புப் பத்திரத்தை அம்மா பையிலேயே திருப்பி வைத்துக்கொண்டார்.