மூன்று கிலோ குழம்பில் உப்பு எங்கே கூடியது?

கேள்வி: வழக்கமாக 1 கிலோ கோழியில் 6 பேருக்குக் குழம்பு வைப்பேன், நன்றாகவே வரும். போன வாரம் 18 பேர் சாப்பிட வந்ததால் 3 கிலோ வாங்கி, உப்பு, மிளகாய்த்தூள், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் அப்படியே மூன்று மடங்கு போட்டேன். தண்ணீர் மட்டும் கண்ணளவில் ஊற்றினேன். குழம்பு கெட்டியாகி, உப்புக் கரித்து, கிராம்பு வாசம் தூக்கலாக நின்றது. மூன்று மடங்கு போட்டால் ஏன் சரியாக வரவில்லை?

பதில்: "தண்ணீர் மட்டும் கண்ணளவில்" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அங்கேயே இருக்கிறது. நாம் உப்பைக் கோழியின் எடைக்கு அளந்து போடுகிறோம். ஆனால் வாயில் தெரிகிற உப்பு, கடைசியில் சட்டியில் எவ்வளவு குழம்பு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. மிஞ்சும் குழம்பு சரியாக மூன்று மடங்காக இருந்தால் உப்பும் மூன்று மடங்குதான். அந்தக் கணக்கில் ஒரு மர்மமும் இல்லை. ஆனால் வீட்டு அடுப்பில் அந்த அளவு தானாக அமைவதில்லை.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். 1 கிலோ கோழி, வெங்காயமும் தக்காளியும் சேர்ந்து 400 கிராம், தேங்காய் விழுது 100 கிராம், எண்ணெய், மசாலா, இஞ்சிபூண்டு விழுது எல்லாமாக இன்னொரு 100 கிராம், தண்ணீர் 600 மில்லி. மொத்தம் 2200 கிராம். வெந்து முடிவதற்குள் சுமார் 450 கிராம் ஆவியாகப் போய்விடும், மிச்சம் 1750. இதற்கு நான் தலைதட்டிய 3 டீஸ்பூன் தூள் உப்பு போடுவேன், ஏறத்தாழ 18 கிராம். அதாவது குழம்பின் எடையில் 1 சதவீதம். பெரும்பாலான வீடுகளில் குழம்பு உப்பு இதை ஒட்டித்தான் இருக்கும்.

இப்போது இதையே 3 கிலோவுக்கு ஏற்றுங்கள். சாமான் எல்லாம் மூன்று மடங்கு. ஆனால் அடுப்பு அதே அடுப்பு, தீ அதே தீ. 24 செ.மீ. வாய் உள்ள சட்டிக்குப் பதிலாக 34 செ.மீ. பாத்திரம் வைத்தால், ஆவி வெளியேறும் மேற்பரப்பு இரண்டு மடங்குதான் ஆகிறது, உள்ளே இருப்பதோ மூன்று மடங்கு. கொதி வரவே நேரம் பிடிக்கும். அதனால் 1350 கிராம் சுண்ட வேண்டிய இடத்தில் என் அடுப்பில் 800 கிராம் அளவுக்குத்தான் சுண்டுகிறது. தண்ணீரையும் மூன்று மடங்காக 1800 மில்லி ஊற்றினால் குழம்பு ரசம் மாதிரி ஓடும். சரியான அளவு சுமார் 1250 மில்லி, அதாவது இரண்டு மடங்கும் கொஞ்சமும். சமையல் பழகிய கை இதைத் தெரிந்தே குறைக்கும். கண்ணளவில் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கும் கீழே போய்விடுவார்கள். காரணம் கோழி. 3 கிலோ கறியும் அரைக் கிலோவுக்கு மேல் தக்காளியும் ஆழமான பாத்திரத்தில் வதங்கும்போது தாமாகவே நிறையத் தண்ணீர் விடும். எட்டிப் பார்த்தால் பாத்திரம் நிறைந்திருப்பது போலத் தெரியும், "போதும்" என்று கை நின்றுவிடும்.

உங்கள் பாத்திரத்தில் 600 மில்லிதான் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சிய குழம்பு 5250-க்குப் பதில் 4600 கிராம். 54 கிராம் உப்பு அதில் கரைந்தால் 1.2 சதவீதத்தை நெருங்குகிறது. இது "கொஞ்சம் தூக்கல்" என்ற அளவு, கரிப்பு அல்ல. கரிப்புக்கு இன்னொரு ஆள் கூட்டு சேர்ந்திருக்கிறார்: கரண்டி. தலைதட்டிய டீஸ்பூனில் 6 கிராம் தூள் உப்பு என்றால், குவித்து எடுத்த டீஸ்பூனில் 8 கிராமோ அதற்கு மேலோ இருக்கும். ஒன்பது கரண்டி குவித்துப் போட்டால் 72 கிராம். 4600 கிராம் குழம்பில் அது 1.6 சதவீதம், வழக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு. வாயில் வைக்க முடியாது. போதாததற்கு, உப்பை நாம் ஒரே இடத்தில் போடுவதும் இல்லை. கோழியை ஊறவைக்கும்போது கொஞ்சம், வெங்காயம் சீக்கிரம் வதங்கட்டும் என்று கொஞ்சம், பிறகு குழம்புக்கு. கடையில் வாங்கிய இஞ்சிபூண்டு விழுது என்றால் அதிலும் பெரும்பாலும் உப்பு இருக்கும், அதையும் மூன்று மடங்கு போட்டிருப்பீர்கள்.

இரண்டில் எது உங்களைக் கவிழ்த்தது என்று கண்டுபிடிப்பது எளிது. கரிப்போடு குழம்பு கெட்டியாகவும் இருந்தால் தண்ணீர் குறைவு. குழம்பு வழக்கம்போல ஓடியும் கரித்தால் கரண்டிதான் குற்றவாளி. உங்களுடையது கெட்டியாக இருந்தது என்கிறீர்கள், ஆகவே தண்ணீர் நிச்சயம். கரண்டியும் உடந்தை என்பது என் சந்தேகம்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். வழக்கமான 1 கிலோ குழம்பு வைக்கிற நாளில், முடிந்த குழம்பைக் காலிச் சட்டியின் எடை கழித்து ஒருமுறை எடை போட்டுவிடுங்கள். 1750 கிராம் என்று வந்தால், பெரிய பாத்திரத்தில் 5 லிட்டர் 250 மில்லி பச்சைத் தண்ணீரை அளந்து ஊற்றி, மரக்கரண்டியை நேராக நிறுத்தி, தண்ணீர் தொடும் இடத்தில் காம்பில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். குழம்பின் எடையும் தண்ணீரின் எடையும் துல்லியமாக ஒன்றல்ல, ஆனால் இந்த வேலைக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. சமைக்கும்போது குழம்பு அந்தக் கீறலுக்கு வந்து நிற்க வேண்டும். கீழே இறங்கினால் கொதிநீர் ஊற்றுங்கள், மேலே நின்றால் மூடியைத் திறந்து சுண்டவிடுங்கள். உப்பை சமையலறைத் தராசில் 54 கிராம் எடுத்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். ஊறவைக்க, வதக்க எல்லாம் அந்தக் கிண்ணத்திலிருந்து மட்டும் எடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு கறியோடு முதலிலேயே போக வேண்டும், இல்லாவிட்டால் துண்டு சப்பென்று இருக்கும். மீதியைக் கடைசிப் பத்து நிமிடத்தில், குழம்பு கீறலுக்கு வந்தபின் ருசி பார்த்துச் சேருங்கள். பல நாள் கிண்ணத்தில் கொஞ்சம் மிஞ்சும். ருசி பார்ப்பதும் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், உப்பு பிடிபடாது. தட்டில் இரண்டு பருக்கை சோற்றோடு ஊற்றி, சூடு தணிந்ததும் வாயில் போடுங்கள்.

சரி, மசாலாவுக்கு வருவோம். உப்பில் தண்ணீரும் கரண்டியும் விளையாடின, கிராம்பில் விளையாடுவது நேரம். உப்பு போட்டவுடன் கரைந்துவிடும், அதற்கு மேல் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. கிராம்பு அப்படி அல்ல, சட்டியில் கிடக்கும் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக் குழம்பில் 3 கிராம்பு முக்கால் மணி நேரம் கிடக்கிறது. பெரிய பாத்திரத்தில் வெங்காயம் வதங்கவே வழக்கத்தைவிட இரண்டு பங்கு நேரம், பிறகு கொதி வரும் நேரம், அப்புறம் சுண்டும் நேரம். ஒன்றேகால் மணி, ஒன்றரை மணிகூட ஆகலாம். ஒவ்வொரு கிராம்பும் கூடுதலாக இறங்குகிறது. அதோடு, உள்ளே இருப்பதற்கு மேற்பரப்பு குறைவு என்பதால் வாசமும் அவ்வளவாக வெளியே போவதில்லை. ஆகவே 9 கிராம்பு வேண்டாம், 6 போதும். 2 ஏலக்காய்க்கு 4, இரண்டு அங்குலப் பட்டைக்கு நான்கு அங்குலம். சிறிய துணியில் முடிச்சாகக் கட்டிப் போட்டால் வாசம் போதும் என்றதும் தூக்கிவிடலாம், 18 பேரில் யார் பல்லிலும் கிராம்பு மாட்டாது.

மிளகாய்த்தூளின் காரம் ஆவியாகப் போகாது, எண்ணெயில் இறங்கி அங்கேயே இருக்கும். எனவே தண்ணீர் குறைந்தால் உப்பு எப்படி ஏறுகிறதோ அப்படியே காரமும் ஏறும். 3 டீஸ்பூன் போடுகிறவர் 7 டீஸ்பூனில் தொடங்கலாம், ருசி பார்த்து மீதியைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கிச் சேர்க்கலாம். பச்சைத்தூளை அப்படியே கடைசியில் தூவினால் பச்சை வாசம் நிற்கும். மல்லித்தூள் வேறு கதை. அது குழம்புக்கு உடம்பு கொடுக்கிற பொருள், குறைத்தால் குழம்பு தண்ணியாகும், ஆகவே முழு மூன்று மடங்கு. மஞ்சள்தூள் கூடினால் கசக்கும், இரண்டு மடங்கோடு நிறுத்துங்கள்.

வெந்தயத்தில் நானே பட்டிருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் காரக்குழம்பு வைக்கப் போய், தாளிப்பில் வெந்தயத்தை மூன்று மடங்கு போட்டேன். வீட்டில் வெந்தயம் பொன்னிறமானதும் வெங்காயத்தைக் கொட்டினால் சூடு உடனே அடங்கும். அன்று அடிகனமான பெரிய வாணலி. ஒரு கிலோ வெங்காயத்தை அள்ளிப் போட்டு முடிப்பதற்குள் அடியில் கிடந்த வெந்தயம் பழுப்பைத் தாண்டிவிட்டது. அன்று சாப்பிட்டவர்கள் கசப்பை மருந்து என்று நினைத்துக்கொண்டு பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் சுண்டுகிற பண்டங்களுக்கு மட்டும். தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியலுக்கோ சுண்டலுக்கோ உப்பு தலைதட்டி மூன்று மடங்கு போட்டால் போதும், குறைக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே கரித்துப்போன குழம்பில் உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது. குழம்பை உறிஞ்சும், அதிலுள்ள உப்பு கூடவே போகும், மிஞ்சிய குழம்பின் கரிப்பு பெரிதாக மாறாது. கிழங்கு நிறையப் போட்டால் பண்டம் கூடியதால் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். உங்கள் குழம்பு கெட்டியாகவும் இருந்ததால் அரை லிட்டருக்கு மேல் கொதிநீர் ஊற்றி, உப்பே போடாமல் வதக்கிய வெங்காயம் தக்காளியை அரைத்துக் கலந்து ஒரு கொதி விட்டிருந்தால் பந்தியை ஓட்டியிருக்கலாம். காரமும் அதிகம் என்றால் தண்ணீரில் கொஞ்சத்தைக் குறைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள், அதிலுள்ள கொழுப்பு காரத்தை மட்டுப்படுத்தும்.