குரு சொல்லாததைச் சொன்ன மாதிரி வர்ற ஆடியோவ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"நம்ம சுவாமிஜி கோயிலுக்கே போக வேண்டாம்னு சொல்றாராம், ஃபேமிலி குரூப்ல ஆடியோ வந்துச்சு. நெசமா?"

இது வெட்டி ஒட்டின ஆடியோவா இருக்கலாம், அதாவது நெசமான பேச்சுல இருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து விடறது. "கோயிலுக்குப் போக வேண்டாம்னு சிலர் சொல்றாங்க, அது தப்பு"ன்னு பேசியிருப்பாரு, தமிழ்ல "சொல்றாங்க" கடைசில தான வரும், அதனால வாலை நறுக்கினா போதும், அடுத்தவன் கருத்து அவர் கருத்தா ஆயிடும்.

ஹெட்போன் போட்டு கடைசி வார்த்தைய கேளுங்க. வாக்கியம் முடிஞ்சா குரல் இறங்கும், இங்க அந்தரத்துல நிக்கும், ஹால் எதிரொலியும் டக்குனு செத்துடும். கட்டம் போட்ட துணிய ஒட்டுப் போட்டா கட்டம் சேராது பாருங்க, அது மாதிரி. ஆனா கைதேர்ந்தவன் இதையும் மறைச்சிடுவான், அதனால மடத்தோட சேனல்ல முழு உரைய தேடி அந்த இடத்துக்கு முன்னாடி பின்னாடி ஒரு நிமிஷம் கேட்டாதான் உறுதி.

பதில் போடும்போது பொய் ஆடியோவ திரும்ப ஃபார்வர்ட் பண்ணாதீங்க, ஒரிஜினல் லிங்க்கும் எத்தனாவது நிமிஷம்னும் போடுங்க. அனுப்பின சித்தப்பாகிட்ட தனியா சொல்லுங்க, குரூப்ல சொன்னா கோவிச்சுக்குவாரு.

"அவர் குரலே தான், அப்போ உண்மை தான்"னு பலர் நினைக்கிறாங்க, வெட்டின ஆடியோல குரல் அவரோடது தான், பொய் இருக்கறது வெட்டின இடத்துல.