கோடுகள் ஒட்டினாலும் சந்தேகப்படு: கேள்வி-பதில்

என் மாடல் 92% அக்யூரசி தருகிறது. நல்லதா?

ட்ரெயினிங்கிலா, வாலிடேஷனிலா? அதைச் சொல்லாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது? எபோக்குக்கு எபோக் இரண்டும் எப்படி மாறுகின்றன என்று காட்டும் இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து அனுப்புங்கள்.

CIFAR-10 படங்களில் ட்ரெயினிங், வாலிடேஷன் இரண்டுமே 45% பக்கத்தில் படுத்துவிட்டன. டிராப்அவுட்டை 0.5 ஆக்கியும் ஏறவில்லை.

எப்படி ஏறும்? இது அண்டர்ஃபிட்டிங். படித்த பாடத்தையே சரியாக எழுதாத மாடலின் கையை டிராப்அவுட் இன்னும் கட்டிப்போடும். முதலில் அதை எடுங்கள். பிறகு 100 படங்களை மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். அந்த நூறைக்கூட மனப்பாடம் செய்ய முடியவில்லை என்றால் லேர்னிங் ரேட்டிலோ லேபிள்களிலோ கோளாறு. நூறில் தேறிவிட்டால் லேயர்களைக் கூட்டுங்கள், எபோக்கையும் கூட்டுங்கள்.

8-வது எபோக்குக்குப் பிறகு வாலிடேஷன் லாஸ் ஏறுகிறது, ஆனால் அக்யூரசி 79%-லேயே நிற்கிறது. இது ஓவர்ஃபிட்டிங்கா?

ஆம். மாடல் தப்பாகச் சொல்லும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான விடைக்கு அது 0.4 கொடுத்தால் லாஸ் சுமார் 0.9. அதே படத்துக்கு 0.01 கொடுத்தால் 4.6. இரண்டு தடவையும் தப்புதான், அதனால் அக்யூரசி அசையாது. ஆனால் இரண்டாவது தடவை மாடல் அடித்துச் சொல்லித் தப்பு செய்கிறது. லாஸ் அதைத்தான் காட்டுகிறது. 8-வது எபோக்கின் வெயிட்டுகளுக்கே திரும்புங்கள்:

```python
EarlyStopping(monitor="val_loss", patience=5,
              restore_best_weights=True)
```

கடைசி வார்த்தையை விட்டுவிட்டால் ஓட்டம் நிற்கும்போது கெட்டுப்போன வெயிட்டுகளே கையில் இருக்கும்.

வாலிடேஷன் லாஸ் ட்ரெயினிங் லாஸுக்குக் கீழே போகிறதே?

டிராப்அவுட் ட்ரெயினிங்கில் மட்டும்தான் வேலை செய்யும். தவிர, Keras காட்டும் ட்ரெயினிங் லாஸ் அந்த எபோக் முழுவதன் சராசரி. சின்ன இடைவெளிக்குப் பயம் வேண்டாம்.

இலை நோயைக் கண்டுபிடிக்க 400 இலைப் படங்களைத் திருப்பி, புரட்டி 3,200 ஆக்கி, 20% வாலிடேஷனுக்குப் பிரித்தேன். இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு 98% தொடுகின்றன. புதுப் படத்தில் மட்டும் சொதப்புகிறது.

இதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை தடவை எழுதுவது: முதலில் பிரி, அப்புறம் பெருக்கு! ஒரு இலைக்கு எட்டு நகல். குலுக்கிப் பிரித்தால் எட்டும் வாலிடேஷன் பக்கமே விழ வாய்ப்பு 0.2-இன் எட்டாம் அடுக்கு, லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. அதாவது வாலிடேஷனில் இருக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு இலைக்கும் ஓர் உடன்பிறப்பு ட்ரெயினிங்கில் உட்கார்ந்திருக்கிறது. மாடல் நோயைப் படிக்கவில்லை. அந்த இலையின் ஓட்டையையும் பின்னால் இருக்கும் தரையையும் அடையாளம் வைத்துக்கொண்டது. இது அசல் ஓவர்ஃபிட்டிங், ஆனால் கோட்டில் தெரியாது, ஏனென்றால் கேள்வித்தாள் முன்பே கசிந்துவிட்டது.

400-இல் 80 அசல் படங்களை முதலில் தனி ஃபோல்டரில் ஒதுக்குங்கள். மீதி 320-ஐ மட்டும் திருப்புங்கள், புரட்டுங்கள். ஒரே செடியில் ஐந்து படம் எடுத்திருந்தால் ஐந்தும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். மறுபடி ஓட்டினால் வாலிடேஷன் கோடு தடாலென்று கீழே இறங்கலாம். அந்த இறங்கிய எண்தான் உங்கள் உண்மையான மார்க்.