லிஃப்டும் தண்ணி மோட்டாரும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆகி ஜெனரேட்டர் திணறுகிறது. பெரிய ஜெனரேட்டர்தான் வாங்க வேண்டுமா?

உங்கள் அசோசியேஷனிலும் யாரோ ஒருவர் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார் போல. எங்களிடமும் அலைந்தார். வாங்கவில்லை.

எங்களுடையது 40 கேவிஏ, அதாவது ஃபேஸுக்குச் சுமார் 55 ஆம்பியர். லிஃப்ட் பழைய மாடல், மோட்டாரை மெல்ல வேகமேற்றும் டிரைவ் கிடையாது. அதன் மோட்டாரும் சம்ப் மோட்டாரும் தலா 7.5 எச்பி. ஓடும்போது 11 ஆம்பியர்தான். டைரக்டாக ஸ்டார்ட் ஆகும் ஓரிரு விநாடி மட்டும் ஆறு மடங்கு இழுக்கும். ஒன்று இழுத்தால் ஜெனரேட்டர் முக்கி எழுந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் படுத்துவிடும்.

ஒரு நாள் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்தது. நான் பேனல் ரூமில் நின்றேன். லைட் மங்கியது, சைலன்சரில் கரும்புகை, ஸ்டார்ட்டரில் கான்டாக்டர் ஒட்டாமல் டர்ர்ரென்று அடித்தது. மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவே லிஃப்டில் என் அம்மா.

முதலில் மோட்டார் ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் ஒயரில் ஆன்-டிலே டைமர் போட்டோம். சப்ளை வந்து 90 விநாடிக்குப் பிறகே சம்ப் மோட்டார், போர் மோட்டாருக்கு 150. அதற்குள் லிஃப்ட் பக்கத்து மாடிக்குப் போய் நின்றுவிடும். ஆனால் டைமர் காப்பாற்றுவது அந்த முதல் நிமிடத்தை மட்டும்தான். டேங்க் இறங்கியதும் லெவல் கன்ட்ரோலர் எப்போது வேண்டுமானாலும் மோட்டாரைப் போடும்.

அதனால் லிஃப்ட் மெக்கானிக்கிடம், லிஃப்ட் ஓடும்போது மாறும் கான்டாக்ட் ஒன்று, அதில் வேறு எந்தக் கரண்டும் வராதபடி கேட்டு வாங்கினோம். அதை வைத்து ஒரு ரிலே. ரிலேயின் என்சி முனை, அதாவது ரிலே வேலை செய்யும்போது திறந்துகொள்ளும் முனை, லெவல் கன்ட்ரோலருக்கும் மோட்டார் கான்டாக்டரின் காயிலுக்கும் நடுவே. அப்படியே விட்டால் லிஃப்ட் நகரும்போதெல்லாம் ஓடுகிற மோட்டார் நின்று நின்று எரிந்துபோகும். எங்கள் எலக்ட்ரீஷியன் முதலில் அப்படித்தான் செய்தார். பிறகு மோட்டார் கான்டாக்டரின் சொந்த என்ஓ முனையை, அதாவது மோட்டார் ஓடும்போது மட்டும் மூடியிருக்கும் முனையை, அந்த என்சிக்கு இணையாகக் கொடுத்தோம். இப்போது லிஃப்ட் ஓடினால் மோட்டார் ஸ்டார்ட் ஆகாது. ஏற்கெனவே ஓடுகிற மோட்டார் நிற்காது. இரண்டு லிஃப்ட் இருந்தால் இரண்டு ரிலேயின் என்சியையும் வரிசையாகப் போடுங்கள்.

"ஸ்டார்-டெல்டா போட்டால் போதாதா?" என்று யாராவது வருவார்கள். ஸ்டார்ட்டிங் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும், சரி. ஆனால் எங்கள் போர் மோட்டாருக்கு மூன்றே ஒயர்தான் மேலே வருகிறது. ஸ்டார்-டெல்டாவுக்கு ஆறு வேண்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகிற அதே விநாடியில் யாராவது லிஃப்ட் பட்டனை அழுத்தினால் எங்கள் ரிலேயும் தடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். லிஃப்ட் கன்ட்ரோலருக்குள் கைவைக்க எனக்குத் தைரியம் இல்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

மொத்தச் செலவு ஐந்தாயிரத்தைத் தாண்டவில்லை. அதற்கும் தரைத்தளத்துக்காரர், "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லையே" என்று பங்கு தர மறுத்துவிட்டார். தண்ணி மட்டும் அவருக்கும் மேல் டேங்கிலிருந்துதான் வருகிறது.